"ஷிப் மிஸ் ஆயிடுச்சு சார்": ஒரு வைபர் செய்தி மெயிலான கதை

யாங்கோனில் பருப்பு வகைகளை ஏற்றுமதி செய்யும் சின்ன ஆபீஸ் ஒன்றில் வேலை பார்க்கிறேன். பயின்னவுங் சந்தையில் சரக்கு வாங்கி, சுத்தம் செய்து, ஐம்பது கிலோ மூட்டையாகக் கட்டி, பெரும்பாலும் சென்னைக்கும் தூத்துக்குடிக்கும் அனுப்புவோம். உளுந்துதான் முக்கியம். இங்கே அதற்கு மட்பே என்று பெயர்.

எங்களிடம் செல்வி என்று ஒரு பெண் புதிதாகச் சேர்ந்தாள். வீட்டில்தான் செல்வி; பள்ளிச் சான்றிதழில் தீடா என்ற பர்மியப் பெயர். இந்த ஊரில் பல தமிழ்க் குடும்பங்களில் இப்படித்தான், ஆளுக்கு இரண்டு பெயர். வீட்டில் தமிழ் பேசுவாள், படித்ததெல்லாம் பர்மிய மொழியில், ஆங்கிலம் பிறகு சேர்ந்தது. வேலையில் கெட்டி. மூட்டை எண்ணிக்கையில் ஒன்று குறைந்தாலும் கண்டுபிடித்துவிடுவாள்.

அவளுடைய எழுத்து மட்டும் கைபேசி எழுத்து. அதை அவள் குறை என்று சொல்ல மாட்டேன். மின்சாரம் முறை வைத்து வருகிற ஊர் இது. கணினி அணைந்திருக்கும்போதும் கைபேசியில் உயிர் இருக்கும். லாரிக்காரர், கிடங்குக்காரர், துறைமுக ஏஜெண்ட் எல்லோரும் வைபரில் இருக்கிறார்கள். நாள் முழுக்க அதில் பேசிவிட்டு, சென்னையில் பருப்பு மில் வைத்திருப்பவருக்கு எழுதும்போது மட்டும் விரல் எப்படி வேறு மாதிரி ஓடும்?

மார்ச் 12, வியாழன் காலை. சனிக்கிழமை கிளம்ப வேண்டிய கப்பலில் எங்கள் இரண்டு கண்டெய்னரும் போகாது என்று கப்பல் கம்பெனி தகவல் அனுப்பியது. இடத்துக்கு மேல் புக்கிங் எடுத்துவிட்டு, சிலவற்றை அடுத்த கப்பலுக்குத் தள்ளுவார்கள். எங்கள் தொழிலில் இதை 'ரோல் ஆகிவிட்டது' என்போம்; கப்பல் கம்பெனியை 'லைன்' என்போம். மில் முதலாளிக்கு ஒரு மெயில் எழுதிக் காட்டு என்று செல்வியிடம் சொன்னேன். பத்து நிமிஷத்தில் என் வைபருக்கு வந்தது. அவள் எழுதியது ஆங்கிலத்தில். அதே வாடையோடு தமிழில் தருகிறேன்:

"சார் ஷிப் மிஸ் ஆயிடுச்சு. லைன் ரோல் பண்ணிட்டாங்க சார். நெக்ஸ்ட் வீக் போகும்னு சொல்றாங்க. கான்ட்ராக்ட் டேட் தாண்டுது ப்ளீஸ் அட்ஜஸ்ட் பண்ணுங்க சார். வேற லைன் இருக்கு பட் லேட். டாக்குமென்ட்ஸ் எல்லாம் மாத்தணும். அர்ஜென்ட் சார் சீக்கிரம் சொல்லுங்க. அடுத்த லாட் அட்வான்ஸ் பத்தியும் பேசணும். தேங்க்யூ சார்."

கடைசியில் கைகூப்பும் பொம்மை இரண்டு.

சிவப்பு மையால் திருத்திக் கொடுத்திருக்கலாம். முன்னால் இருந்த பையனுக்கு அப்படித்தான் செய்தேன். ஆறு மாதம் ஆகியும் அவன் என் திருத்தத்தைப் பார்த்துப் படியெடுத்தானே தவிர, அடுத்த மெயிலை மறுபடி அதே மாதிரிதான் எழுதினான். அதனால் இந்த முறை ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: "இதைப் படித்ததும் அவர் முதலில் என்ன செய்வார்?"

கொஞ்சம் யோசித்துவிட்டு, "போன் பண்ணுவாரு அண்ணே" என்றாள்.

"போனில் என்னவெல்லாம் கேட்பார், எழுது."

எழுதினாள். எந்த ஒப்பந்தம்? அவர் எங்களிடம் மட்டும் மூன்று ஒப்பந்தம் போட்டிருக்கிறார். எத்தனை மூட்டை? அடுத்த வாரம் என்றால் எந்தத் தேதி? சென்னைக்கு எப்போது வரும்? ஏன் தவறியது, உங்களாலா, கப்பல்காரராலா? நான் என்ன செய்ய வேண்டும்? எப்போதுக்குள்? அவள் அனுப்பிய செய்தியில் ஒன்பது வாக்கியம் இருந்தது. ஒரு எண்கூட இல்லை. அதை அவளே எண்ணிப் பார்த்துச் சிரித்தாள். அந்தக் கேள்விப் பட்டியல்தான் மெயிலின் எலும்புக்கூடு என்றேன். அதற்கு விடை எழுதினால் பாதி வேலை முடிந்தது.

ஆனால் விடை எழுதும் முன் மூன்று சொற்களில் எங்களுக்கு நேரம் போனது. அன்றைய நாளில் உருப்படியான பகுதி அதுதான்.

முதலாவது 'மிஸ்'. "ஷிப் மிஸ் ஆயிடுச்சு" என்றால் கேட்பவர் மனதில் என்ன படம் வரும்? பஸ் ஸ்டாண்டுக்கு நேரத்துக்குப் போகாத ஆள். கண்டெய்னரை நாங்கள் நேரத்துக்குத் துறைமுகத்தில் சேர்க்கவில்லை என்றே அவர் எடுத்துக்கொள்வார். உண்மையில் மார்ச் 11 அன்றே, கெடு நேரத்துக்கு முன்னால், இரண்டும் துறைமுகத்துக்குள் போய்விட்டன. உள்ளே போனதற்கான சீட்டு செல்வியின் மேஜையிலேயே இருந்தது. அடுத்த வரியில் 'ரோல் பண்ணிட்டாங்க' என்று அவள் எழுதியிருந்தாள்தான். ஆனால் முதல் வரி ஒன்று சொல்ல, இரண்டாவது வரி வேறு சொல்ல, வாங்குபவர் தனக்கு வசதியானதைப் பிடித்துக்கொள்வார். ஒப்பந்தத்தில் சரக்கேற்றக் கடைசி நாள் மார்ச் 18. அது தாண்டினால் ஒப்பந்தத்தை ரத்து செய்ய அவருக்கு வழி கிடைக்கும். சந்தை விலை இறங்கியிருக்கிற வாரமாக இருந்தால், அந்த 'மிஸ்' என்ற ஒரு சொல்லை நாங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வாக்குமூலம் மாதிரி எடுத்துக் காட்டுவார்.

இதில் ஒரு எல்லையும் உண்டு, அதையும் அவளிடம் சொன்னேன். கப்பல்காரர் தள்ளினார் என்பதால் எங்கள் பொறுப்பு தானாகப் போய்விடாது. எங்கள் விலை சென்னை வரைக்குமான கப்பல் கூலி சேர்ந்தது, கப்பலைப் பிடித்ததும் நாங்கள்தான். அதனால் "எங்கள் மேல் தப்பே இல்லை" என்று வாதாடுகிற தொனியும் கூடாது. நடந்ததைத் தேதியோடு வைக்க வேண்டும், சீட்டை இணைக்க வேண்டும், தேதியைத் தள்ளித் தரும்படி கேட்க வேண்டும். அவ்வளவுதான்.

இரண்டாவது 'அட்ஜஸ்ட்'. அவள் நினைத்தது தேதியைத் தள்ளி வைப்பதை. பருப்புக் கடைத்தெருவில் 'அட்ஜஸ்ட் பண்ணுங்க' என்றால் விலையில் கை வைப்பது என்றுதான் அர்த்தம். "சரி, டன்னுக்கு எவ்வளவு குறைக்கிறீர்கள்?" என்று பதில் வந்திருந்தால் செல்விக்கு எதுவுமே புரிந்திருக்காது. என்ன வேண்டும் என்பதைப் பெயர் சொல்லிக் கேட்கவேண்டும்: சரக்கேற்றக் கடைசி நாளை மார்ச் 18லிருந்து மார்ச் 25க்கு மாற்ற உங்கள் ஒப்புதல்.

"கப்பல் 21ஆம் தேதியே போகுதே, ஏன் 25 அண்ணே?" என்றாள். நல்ல கேள்வி. 21 என்று கேட்டு, கப்பல் ஒரு நாள் தாமதித்தால் மறுபடி போய் நிற்க வேண்டும். ஒரே உதவியை இரண்டு தடவை கேட்பவனுக்கு இரண்டாவது தடவை மரியாதை குறையும்.

மூன்றாவது 'சார்'. ஒன்பது வாக்கியத்தில் ஐந்து சார். இது எங்கிருந்து வருகிறது என்று எனக்கு ஒரு ஊகம் உண்டு. பர்மிய மொழியில் மரியாதை வாக்கியத்தின் வாலில் இருக்கும். 'பா' என்று ஓர் அசை, பெண் பேசினால் 'ஷின்', ஆண் பேசினால் 'கம்யா'. அது இல்லாத வாக்கியம் முரட்டுத்தனமாகக் கேட்கும். செல்வி ஆங்கிலத்தில் எழுதும்போது அந்த வால் இல்லாமல் வாக்கியம் மொட்டையாகத் தெரிகிறது, அதனால் சாரை ஒட்ட வைக்கிறாள். "மரியாதைக்குத்தானே அண்ணே?" என்றாள். மரியாதைக்குத்தான். ஆனால் மெயிலில் மரியாதை வேறு இடத்தில் இருக்கிறது. அவர் தேட வேண்டிய ஒப்பந்த எண்ணை நாமே எடுத்துக் கொடுப்பது, அவர் எப்படி முடிவெடுத்தாலும் அதற்கு வேண்டிய விவரத்தைப் பக்கத்திலேயே வைப்பது, அதெல்லாம்தான். தொடக்கத்தில் ஒரு முறை அழைத்தால் போதும்.

அப்புறம் விடைகளைச் சேகரிக்க ஆரம்பித்தோம். "வேற லைன் இருக்கு பட் லேட்" என்ற வரியில் மாட்டிக்கொண்டோம். என்ன லேட், எதைவிட லேட் என்று கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை. ஏஜெண்டிடம் பேசியபோது விஷயம் விளங்கியது. வேறு கம்பெனியின் கப்பல் 18ஆம் தேதியே கிளம்புகிறது, அதாவது ஒப்பந்தத் தேதிக்குள். ஆனால் மலேசியாவின் போர்ட் கிளாங் போய், அங்கே சரக்கு மாறி, சென்னைக்கு ஏப்ரல் 4 வாக்கில்தான் சேரும். தள்ளிப்போன எங்கள் கப்பல் 21ஆம் தேதி கிளம்பினாலும் நேராகப் போவதால் மார்ச் 27 வாக்கில் சேரும். முன்னால் கிளம்புவது பின்னால் சேர்கிறது.

இன்னொரு சிக்கலும் இருந்தது. கண்டெய்னர் கப்பல் கம்பெனியுடையது. கம்பெனி மாறினால் பெட்டியும் மாற வேண்டும். 960 மூட்டையையும் வெளியே எடுத்து, வேறு பெட்டியில் அடுக்கி, மறுபடி புகைமருந்து போட்டு, திங்கட்கிழமைக்குள் உள்ளே அனுப்ப வேண்டும். வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் முடிவு தெரிந்தால்தான் அது நடக்கும். செல்வி எழுதிய 'அர்ஜென்ட்' என்ற சொல்லுக்குப் பின்னால் உண்மையில் இந்தக் கணக்குதான் ஒளிந்திருந்தது. கெடுவை ஒரு நேரமாகவும் அதற்கான காரணத்தோடும் சொன்னால், 'அர்ஜென்ட்' என்ற சொல்லே தேவைப்படாது.

அட்வான்ஸ் விஷயத்தை எடுத்துவிட்டோம். ஒரு கையால் உதவி கேட்டுக்கொண்டே மறு கையைப் பணத்துக்கு நீட்டுவது பார்க்க நன்றாயிராது என்பது ஒன்று. இரண்டு விஷயம் எழுதினால் சுலபமான ஒன்றுக்குப் பதில் வரும், மற்றது அப்படியே கிடக்கும் என்பது இன்னொன்று. அது திங்கட்கிழமை தனி மெயிலாகப் போனது.

போன மெயில் இதுதான். இதையும் ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கித் தருகிறேன். கப்பல்களின் பெயர்களையும் மற்ற ஆட்களின் பெயர்களையும் விட்டிருக்கிறேன்; ஒப்பந்த எண் மாற்றியது.

பொருள்: ஒப்பந்தம் 118, உளுந்து 48 டன்: கப்பல் மாற்றம், மார்ச் 13 மதியத்துக்குள் தங்கள் முடிவு தேவை

வணக்கம் ஐயா,

ஒப்பந்தம் 118இன் சரக்கேற்றக் கடைசி நாளை மார்ச் 18லிருந்து மார்ச் 25க்கு நீட்டிக்கத் தங்கள் ஒப்புதலைக் கோருகிறோம்.

இந்த ஒப்பந்தத்தின் இரண்டு 20 அடி கண்டெய்னர்களும் (ஒவ்வொன்றிலும் 50 கிலோ மூட்டை 480, மொத்தம் 48 டன்) மார்ச் 11 அன்று, கெடு நேரத்துக்கு முன்பே துறைமுகத்தில் சேர்க்கப்பட்டன. மார்ச் 14 கப்பலில் இடம் இல்லையென்று கப்பல் நிறுவனம் இன்று காலை அறிவித்து, இரண்டையும் மார்ச் 21 கப்பலுக்கு மாற்றியுள்ளது. துறைமுகச் சீட்டும் நிறுவனத்தின் அறிவிப்பும் இணைப்பில் உள்ளன. இதனால் தங்களுக்கு ஏற்படும் தாமதத்துக்கு வருந்துகிறோம்.

தங்கள் முன் இரண்டு வழிகள் உள்ளன.

வழி 1: மார்ச் 21 கப்பல், நேராகச் சென்னை. சேரும் நாள் மார்ச் 27. தேதி நீட்டிப்பு தேவை.

வழி 2: வேறு நிறுவனத்தின் மார்ச் 18 கப்பல், போர்ட் கிளாங் வழியாக. சேரும் நாள் ஏப்ரல் 4. தேதி நீட்டிப்பு தேவையில்லை. மூட்டைகளை வேறு கண்டெய்னருக்கு மாற்றும் செலவை நாங்கள் ஏற்போம்.

சரக்கு தங்களுக்கு முன்னதாகக் கிடைக்கும் என்பதால் வழி 1ஐப் பரிந்துரைக்கிறோம்.

மார்ச் 13, வெள்ளி, யாங்கோன் நேரம் மதியம் 12 மணிக்குள் (சென்னையில் காலை 11 மணி) தெரிவிக்க வேண்டுகிறோம். அதற்குப் பின் வழி 2க்குக் கண்டெய்னர் மாற்ற நேரம் இருக்காது.

வழி 1 என்றால் திருத்திய ஒப்பந்தத்தை அன்றே கையெழுத்துக்கு அனுப்புவோம். தாவர நலச் சான்றிதழும் பிறப்பிடச் சான்றிதழும் புதிய கப்பலின் பெயரில் பெறப்படும்.

இப்படிக்கு,
தீடா (செல்வி), ஏற்றுமதிப் பிரிவு

இதில் என் கைவேலை எவ்வளவு, அவளுடையது எவ்வளவு என்று கேட்டால், விவரம் முழுக்க அவள் சேகரித்தது, வரிசை நான் சொன்னது. கோரிக்கை முதல் வரியில் வர வேண்டும் என்பதில் அவளுக்குச் சங்கடம் இருந்தது. நடந்ததைச் சொல்லாமல் எடுத்தவுடனே கேட்பதா? நேரில் போனால் நானும் காபி குடித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவேன். ஆனால் மில் முதலாளி மெயிலைக் கைபேசியில், இரண்டு பேருக்கு நடுவில் நின்றுகொண்டு பார்க்கிறார். திரையில் முதலில் தெரியும் நான்கு வரியில் கேள்வி இல்லையென்றால், 'அப்புறம் பார்க்கலாம்' என்று மூடிவிடுவார்.

சான்றிதழ் பற்றிய வரி சின்னதுதான், ஆனால் அதை விடக்கூடாது. 'டாக்குமென்ட்ஸ் எல்லாம் மாத்தணும்' என்று அவள் எழுதியது வாங்குபவரைக் கலவரப்படுத்தும். எந்தக் காகிதம், யார் மாற்றுவது, செலவு யாருடையது என்று குழம்புவார். ஆசியான்-இந்தியா ஒப்பந்தத்தின் கீழ் தரும் பிறப்பிடச் சான்றிதழில் கப்பல் பெயரும் புறப்படும் நாளும் எழுதுவதற்கென்றே ஒரு கட்டம் இருக்கிறது. பழைய கப்பலின் பெயரோடு அது சென்னைக்குப் போய்ச் சேர்ந்தால் சுங்கத்தில் கேள்வி வரும். மாற்ற வேண்டியது எங்கள் வேலை, அவர் எதுவும் செய்ய வேண்டாம் என்று தெரிந்தால் போதும்.

இணைப்புகளைப் பற்றி ஒன்று. துறைமுகச் சீட்டைக் கைபேசியில் படம் பிடித்து IMG_4471.jpg என்ற பெயரிலேயே ஒட்டியிருந்தாள். ஒரு வாரம் கழித்து யாருக்கு அது என்ன படம் என்று தெரியும்? 118_gate_in.pdf, 118_rolling_notice.pdf என்று பெயர் மாற்றி, அளவையும் குறைத்தோம். எங்கள் ஊர் இணையத்தில் பெரிய படம் பாதி வழியில் நின்றுவிடும்.

அனுப்பும் முன் அவளை வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன். காலையில் எழுதிய கேள்விப் பட்டியலை மறு கையில் வைத்துக்கொண்டு, விடை வர வர ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தாள். எல்லாம் அடிபட்டது. மதியம் இரண்டு மணிக்கு மெயில் போனது. அதோடு வைபரிலும் ஒரு வரி போட்டாள்: "ஐயா, ஒப்பந்தம் 118 பற்றி மெயில் அனுப்பியுள்ளேன், நாளை மதியத்துக்குள் தங்கள் பதில் வேண்டும்." வைபரை நான் தடுக்கவில்லை. கதவைத் தட்ட அதைவிட நல்லது கிடையாது. ஒப்பந்தத் தேதியை மாற்றுகிற பேச்சை மட்டும் அதில் வைக்கக்கூடாது. கைபேசி மாறினால் பேச்சும் போய்விடலாம், ஆறு மாதம் கழித்து வழக்கு வந்தால் தேடி எடுப்பது கஷ்டம்.

போன் வரவில்லை. மாலை ஐந்தேகால் மணிக்குப் பதில் வந்தது. மூன்றே வரி: வழி 1 சரி, 25 வரை நீட்டிக்கிறேன், திருத்திய ஒப்பந்தத்தை அனுப்பவும். போன மாதம் இதேபோல ஒரு தாமதத்துக்கு நான்கு போன், ஒரு சண்டை, இரண்டு நாள் ஆனது.

ஆனால் மெயில் பிழையில்லாமல் போனது என்று நினைக்க வேண்டாம். பிழை என்னுடையது. வரைவில் செல்வி "மார்ச் 27 வாக்கில்" என்றுதான் எழுதியிருந்தாள். 'வாக்கில்' எல்லாம் வியாபார மெயிலில் வேண்டாம், தேதி என்றால் தேதி என்று நான்தான் வெட்டினேன். கப்பல் 27ஆம் தேதி சென்னைக்கு வெளியே வந்து நின்றது; உள்ளே இடம் கிடைக்க இரண்டு நாள் ஆனது. அவர் 28ஆம் தேதிக்கு லாரி சொல்லி வைத்திருந்தார். "27 என்று எழுதினீர்களே" என்று கேட்டார், கேட்டதில் நியாயம் இருந்தது. கப்பல்காரர் தரும் நாள் எப்போதும் உத்தேசம்தான், அது அவருக்கும் தெரியும். ஆனால் எழுத்தில் 27 என்றுதான் இருந்தது. அளந்து பார்க்காததைச் சுற்றி மழுப்புவது வேறு, உத்தேசமானதை உத்தேசம் என்று எழுதுவது வேறு. அவசரத்தில் நான் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டேன். இப்போது எங்கள் மெயிலில் "உத்தேசமாக மார்ச் 27, கப்பல் ஏஜெண்ட் மார்ச் 12 அன்று தந்த தகவல்" என்று யார், எப்போது சொன்னது என்பதோடு போகிறது. அந்த வாசகம் செல்வி எழுதியது.

கையெழுத்தில் பெயரைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதலில் வழக்கப்படி 'மா தீடா' என்று போட்டிருந்தாள். இங்கே இளம் பெண்களின் பெயருக்கு முன்னால் 'மா' வரும், குமாரி என்பது போல. முன்பு ஒரு முறை சென்னையில் வேறொருவர் அதைப் பெயர் என்று நினைத்து "டியர் மா" என்று பதில் எழுத, ஆபீஸே சிரித்தது. அதனால் மாவை எடுத்துவிட்டு, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் செல்வி என்று போட்டோம், தமிழ்ப் பெண் என்று தெரியட்டுமே என்று. மில் முதலாளியின் மூன்று வரிப் பதில் ஆங்கிலத்தில் இருந்தது. அதற்குக் கீழே தமிழில் தனியாக ஒரு வரி:

"விவரமா எழுதியிருக்கியேம்மா செல்வி, சாப்பிட்டியா?"

அதற்கு என்ன பதில் எழுதுவது என்று அவள் என்னைக் கேட்டாள். வைபரில் அனுப்பு என்றேன்.